நேர்மைக்குப் பத்துக்கு ஒன்று

கரோலினுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதுதான் பிரச்சினையே. பிடிக்காத வேலையாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கன்டெய்னர் யார்டில், வருகிற லாரியின் நம்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு இரண்டு வருடம் இருந்தாள். அங்கே அவள் சிரித்தது மொத்தம் நான்கு தடவை இருக்கும். லூர்து அங்கிளின் கடையில் ஒரு நாளைக்கே நாற்பது தடவை சிரிப்பாள்.

கடையின் பெயர் 'லூர்து ஒலி விளம்பரம்'. ராயபுரம் மாதா கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, 'வாங்க வாங்க' என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போகுமே, அந்த விளம்பரங்களை எழுதி, பேசி, பதிவு செய்து, ஓட்டி அனுப்புகிற இடம். ஆட்டோ பிராங்கிளினுடையது. குரல் பெரும்பாலும் லூர்துவினுடையது. அவர் வாலிபத்தில், இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில், தீர்ப்புச் சொல்லுகிற பிலாத்துவாக நின்று கை கழுவியவர். அந்தக் குரல் இன்னமும் கெடவில்லை.

கரோலினின் வேலை எழுதுவது அல்ல. எழுதியதற்கு மார்க் போடுவது.

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். தெருவில் கூவுகிற விளம்பரத்துக்கு எதற்கு மார்க் என்று அவளும் முதல் நாள் கேட்டாள். லூர்து பெருமூச்சு விட்டார். பல வருடத்துக்கு முன் ஒரு பல்பொடிக்காக, ஒரே வாரத்தில் பல்வலி ஓடிவிடும் என்று தன் சொந்தக் குரலில் தன் சொந்தத் தெருவிலேயே கூவிவிட்டாராம். எட்டாவது நாள் காலையில் பூசைக்குப் போக வீட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தர் அவருடைய மாமனார். அன்றைக்கு வைத்த சட்டம்தான் இது. எந்த விளம்பரமானாலும் நான்கு தலைப்பில் பத்துப் பத்து மார்க். சொல்வது புரிகிறதா, வாங்கத் தோன்றுகிறதா, நேர்மையா, கேட்கப்போகிறவர்களுக்கு ஏற்ற பேச்சா. மற்ற மூன்றில் முப்பது வாங்கினாலும் நேர்மைக்கு ஐந்துக்குக் குறைந்தால் தள்ளுபடி.

மார்க்கும் சும்மா மனம்போல் போடுவதில்லை. பொருளை வாங்கக்கூடியவர்கள் மூன்று பேரைப் பிடித்து, அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை ஓட்டிக் காட்டவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போய், என்ன கேட்டீர்கள் என்று மட்டும் கேட்கவேண்டும். அடி எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவர்கள் வாயில் என்ன மிச்சமிருக்கிறதோ அதுதான் விளம்பரம், மீதியெல்லாம் காற்று.

மார்க்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் லூர்து படிக்கமாட்டார். அதனால் கரோலின் மார்க்கையும் காரணத்தையும் பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் போடுவாள். அவர் கீழே இறங்கி, பிராங்கிளினின் ஆட்டோவில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே சின்னதாக வைத்துக் கேட்பார். தேறிய விளம்பரம் இருக்கிற பென் டிரைவ், கண்ணாடியில் தொங்குகிற செபமாலையோடு சேர்ந்து தொங்கும். மற்றதெல்லாம் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் கிடக்கும். சோதனைக்கு ஓட்டுவதைத் தவிர, செபமாலையில் தொங்குவதை மட்டும்தான் பிராங்கிளின் ஓட்டுவார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். பதினான்கு வருடம் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்தவர், வண்டி எடுக்கும்போதே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுவிடுவார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் தேவப்பிரியம் அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

அண்ணாச்சி தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். திருவொற்றியூரில் பாத்திரம், பிளாஸ்டிக் என்று மூன்று கடை. இப்போது மணலியில் ஒரு பட்டறையில் சொல்லி, மீன் விற்கிறவர்களுக்கான ஐஸ் பெட்டியைத் தன் பெயரிலேயே செய்யவைத்திருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் அதற்கென்று புதுக் கடை திறப்பு. நன்றாக ஓடினால் நான்கு கடைக்கும் ஒரு வருட விளம்பரம் லூர்துவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். லூர்து அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து தரையில் நடக்கவில்லை. மாடிப்படியில் ஏறிவந்து, இந்த விளம்பரத்தை நீயே எழுது என்று சொல்லி, இந்த வேலை மட்டும் அமைந்துவிட்டால் போர்டில் தன் பெயருக்குக் கீழே 'எழுத்து: கரோலின்' என்று பெயின்ட் அடித்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். அமையாவிட்டால் என்ன என்பதையும் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி பூட்டார்னு வச்சிக்க, நானும் கடைய சாத்திக்கினு பூடுவேன். நீ திரும்பக் கன்டெய்னர எண்ணப் போலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று மாத மாடி வாடகை பாக்கி அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கரோலின் அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்து ஐஸ் பெட்டிக்கு ஒரு விளம்பரம் எழுதினாள். சுத்தமாக, உண்மையாக, ஒரு வார்த்தை அதிகமில்லாமல் எழுதினாள்.

மறுநாள் அண்ணாச்சி தாமே எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குள் இத்தனை காலம் ஒரு கவிஞர் குடியிருந்தது அவருடைய மனைவி பெர்சிஸைத் தவிர யாருக்கும் தெரியாது. லூர்து அதைப் பிலாத்துவின் குரலில் படித்தார்.

"கடல்மகள் ஈன்ற செல்வங்களைக் கண்மணிபோல் காக்கும் கருணைப் பேழையே! நாற்பத்தெட்டு மணி நேரம் உருகா உறைபனியே! உலகத் தரமே, உன்னதத் தொழில்நுட்பமே! பிரியம் பேழை, பிரியமானவர்களின் தேர்வு!"

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. கரோலின் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டம் சட்டம்தானே, சோதிக்கக் கிளம்பினாள். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிற மூன்று பெண்களுக்குப் பக்கத்தில் பிராங்கிளினை நிறுத்தி ஒரு தடவை ஓட்டச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கேட்டாள். முதல் அம்மா, மாதா கோயில் கொடியேற்றம் எந்தத் தேதி என்று சரியாகக் காதில் விழவில்லை, திருப்பிச் சொல்லு என்றாள். இரண்டாவது அம்மா, ஓட்டுக் கேட்டு யாரோ வந்தார்கள், எந்தக் கட்சி என்று தெரியவில்லை என்றாள். மூன்றாவது ஞானசெல்வி. காத்திவாக்கத்திலிருந்து தினம் வந்து எறாவும் நண்டும் விற்கிறவள், மார்க்கெட்டிலேயே பெரிய வாய். அவள் எதையும் கவனிக்கவில்லை, எறா உரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விடாமல் கரோலின் பெட்டியையே ஞானசெல்வியிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது எங்கிருந்து வந்தது என்று மணலிப் பட்டறைக்கும் போன் போட்டுக் கேட்டாள். குளிர் ரூமில் வைத்து, மூடியில் டேப் ஒட்டி, இரண்டு நாள் திறக்காமல் வைத்துப் பார்த்தார்களாம். அண்ணாச்சி பொய் சொல்கிற ஆள் இல்லை. பட்டறைக்காரன் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மார்க்கைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். லூர்து ஆட்டோவில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடிக்கும்போது டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. சட்டத்தின்படி தள்ளுபடி. ஆனால் இதைத் தள்ளினால் அண்ணாச்சியையும் தள்ளியதாக ஆகும். பல்பொடிக்குப் பிறகு முதல்தடவையாக லூர்து தன் சட்டத்தைத் தானே மீறினார். அண்ணாச்சியின் கவிதையைச் செபமாலையில் தொங்கவிட்டுவிட்டு, கரோலினின் மார்க்கை பிஸ்கட் டின்னில் போட்டார். பக்கத்தில் நின்ற கரோலின் அதைப் பார்த்தாள். மாடிக்குப் போய்த் தன் சொந்த விளம்பரத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

இங்கேதான் சில்வியா வருகிறாள். சில்வியா பிராங்கிளினின் மனைவி. கடை திறப்பு விழாவுக்குப் போகிற வண்டியாயிற்றே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவைத் தேய்த்துக் கழுவினாள். செபமாலையைக் கழற்றித் துடைத்தாள். டின்னைக் கவிழ்த்துத் துடைத்தாள். செபமாலையில் தொங்கியது ஒன்று, டின்னில் அன்றைக்குக் கிடந்தது ஒன்று; இரண்டு பென் டிரைவும் பர்மா பஜாரில் ஒரே பாக்கெட்டில் வாங்கியவை, இரண்டும் கறுப்பு. துடைத்து முடித்து, ஒன்றைச் செபமாலையில் மாட்டினாள், ஒன்றை டின்னில் போட்டாள். பளபளவென்றிருந்த வண்டியைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போனாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பிராங்கிளின் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, செபமாலையிலிருந்ததைச் சொருகி, சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, காசிமேட்டிலிருந்து வடக்கே கிளம்பினார்.

ஏழே முக்காலுக்கு காத்திவாக்கத்திலிருந்து கரோலினுக்கு போன் வந்தது. ஞானசெல்வி.

"இன்னா கரோலினு, என் பேர ஊரெல்லாம் கூவ வுட்டுக்கீற. முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல பொடவ கட்டிக்கினு வந்திருப்பேன்ல."

கரோலினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் போனில் ஞானசெல்வியின் குரலுக்குப் பின்னால், தெருவே அதிரும்படி தன் சொந்தக் குரலைக் கேட்டாள்.

"லூர்து அங்கிள், டீய கீழ வச்சிட்டுக் கேளுங்க. புரியுதான்றதுக்குப் பத்துக்கு ரெண்டு. இன்னா விக்கிறாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. பேழையாம். ஐஸ் பெட்டின்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? கட காலடிப்பேட்ட மார்க்கெட்டாண்ட கீதுன்னு ஒரு வார்த்த இல்ல. வாங்கத் தோணுதான்றதுக்கு மூணு, அதுவும் உங்க கொரலுக்காக. நேர்மைக்கு ஒண்ணு. நாப்பத்தெட்டு மணி நேரம்ன்றது மூடியே தொறக்காம வச்சா. மூடியத் தொறக்காம மீன் விக்கிறவங்க இன்னாத்த விப்பாங்க? ஞானசெல்வியக்கா கிட்ட ஒரு நாள் குடுத்துப் பாத்தேன். வெடிகாலைல அஞ்சு மணிக்குப் போட்ட ஐஸு, நாளெல்லாம் தொறந்து மூடியும் சாயங்காலம் நாலு மணிக்கிக் கட்டியா கீது. அவங்க தெர்மாகோல் பெட்டில பதினோரு மணிக்கே தண்ணி. அங்கிள், பெட்டி நெஜமாவே நல்ல பெட்டி. இந்த உண்மைய வுட்டுட்டு அண்ணாச்சி எதுக்குப் பொய் சொல்லிக்கினு கீறாரு? கைப்பிடி மட்டும் கலீஜு, கையக் கடிக்குது. யாருக்குப் பேசுறோம்ன்றதுக்கு ஒண்ணு. கூடைய தூக்கிக்கினு நிக்கிறவங்க கிட்டப் போயி உன்னதத் தொழில்நுட்பமேன்றாரு. மொத்தம் நாப்பதுக்கு ஏழு. வச்சிடறேன்."

ஒரு நொடி அமைதி. அப்புறம் மறுபடி, "லூர்து அங்கிள், டீய கீழ வச்சிட்டுக் கேளுங்க."

கரோலின் பிராங்கிளினுக்கு போன் போட்டாள். பதினோரு தடவை போட்டாள். பஞ்சு வைத்த காதுக்கு என்ன கேட்கும்? செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஓடினாள். நல்ல வேளை, கும்மிடிப்பூண்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். போனில் லூர்துவின் பெயர் ஒளிர்ந்தது, அணைந்தது, ஒளிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. காத்திவாக்கத்துக்குச் சற்று முன்னால் வண்டி சிக்னலுக்கு நின்றபோது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'கையக் கடிக்குது' என்று காற்றில் மிதந்து வந்தது. எதிர் சீட்டுக்காரர் சிரித்துவிட்டு, யாரும்மா அந்தப் பொண்ணு, செம வாய் என்று அவளிடமே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்டெய்னர் நம்பர்கள் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

காத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, சத்தம் வந்த திக்கில் ஓடினாள். படகுத்துறைக்குப் போகிற வழியில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டு எழுந்து வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஞானசெல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். தன் பெயர் வருகிறபோதெல்லாம் சுற்றிலும் ஒரு தடவை பார்த்து, அது நான்தான் என்று தெரியாதவர்களுக்கும் தெரிவித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மார்க்கெட்டுக்கே அவள் தாமதம். பிராங்கிளின் ஒன்றும் புரியாமல், ஆனால் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்க்காததால், எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

கரோலின் பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினாள். கூட்டம் கோபித்துக்கொண்டது. ஒரு கிழவர், பாதியில் பிடுங்கிட்டியே, மொத்தம் எத்தனை மார்க் என்று கேட்டார். நாற்பதுக்கு ஏழு என்று பத்துப் பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை; இரண்டும் வந்தது.

காலடிப்பேட்டைக்கு ஆட்டோவிலேயே திரும்பினார்கள். பிராங்கிளின் பஞ்சைக்கூட எடுக்காமல், நான் என்னம்மா பண்ணேன் என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டுக்கொண்டு வந்தார்.

புதுக் கடை வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, ரிப்பன். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் லூர்து வெளுத்துப் போய் நின்றார். அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், நீயே மாற்றி வைத்தாயா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது. இல்லை அங்கிள் என்று மட்டும் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கத்தரிக்கோலோடு நின்றார், முகம் கத்தரிக்காய் நிறம். பெர்சிஸ் அக்கா அவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வே லூர்து, என் எழுத்துக்கு நாப்பதுக்கு ஏழாம்லா. எங்க மாமியார் வீட்டுத் தெருவுலயும் கேட்டுருக்கு. இதுக்கா உம்மகிட்ட வந்தேன்?"

லூர்து பிலாத்துவைப் போலக் கையைப் பிசைந்தார். அந்த நேரத்தில்தான் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஏழெட்டுப் பெண்கள், தலையில் சும்மாடு, கையில் பை. முன்னால் வந்தவள் ரிப்பனைத் தூக்கி அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

"நாலு மணி பெட்டி இதானா? கைப்பிடி எங்க கடிக்குது, காட்டு."

அவள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடினாள், கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்ளலாம் என்று தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. வாங்கின ஒவ்வொருத்தியும் போகும்போது அண்ணாச்சியிடம், அந்தப் பெண்ணைத் திட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மணிக்குள் ரிப்பன் யாரும் வெட்டாமலே அறுந்து தரையில் கிடந்தது. கடையில் இருந்த பெட்டி தீர்ந்து, பழைய கடையிலிருந்து மிச்சத்தை எடுத்துவர ஆள் ஓடியது.

வியாபாரிக்குப் புரியவேண்டியது சட்டென்று புரிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதே அண்ணாச்சி திட்டம் போட்டுவிட்டார். இதையே தினம் ஓட்ட வேண்டும், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை. ஆனால் தெரிந்து ஓட்டுகிற மாதிரி அல்ல. தவறிப்போய் ஓடுகிற மாதிரி. பிராங்கிளின் காது கேட்காதது போல் போகவேண்டும். லூர்து பின்னாலேயே ஸ்கூட்டரில் துரத்திக்கொண்டு, ஐயோ நிறுத்து, மானம் போகிறது என்று அலறவேண்டும். லூர்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எத்தனை வருடம் கழித்து மேடை! ரசம் ஊற்றிய இலைக்கு முன்னாலேயே எழுந்து இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார். பெர்சிஸ் அக்கா கைதட்டினார். ஒரு வருட வேலை உறுதி என்று அண்ணாச்சி இலையை மடித்தார். போர்டில் பெயரும் உறுதி என்று லூர்து கரோலினைப் பார்த்துக் கண்ணடித்தார். காலையில் அவளைச் சந்தேகப்பட்டதற்கு அது மன்னிப்பு.

அவளும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் பிராங்கிளின், பஞ்சில்லாத ஒரு காதால் கேட்டுவிட்டு, அப்போ இது செபமாலைக்குப் போகுதா, மார்க் போட்டாச்சா என்று அப்பாவியாகக் கேட்டார்.

எல்லோரும் கரோலினைப் பார்த்தார்கள். சும்மா ஒரு சம்பிரதாயம்தானே, போட்டுவிடு என்றார் லூர்து.

வாயைத் திறக்கும்போதே என்ன மார்க் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இந்தக் கடையில் எட்டு மாதம், போர்டு, பெயின்ட், நாற்பது தடவை சிரிப்பு எல்லாம் இந்த ஒரு வாய்க்குள்தான் இருந்தது.

"புரியுதான்றதுக்கு ஒம்போது. வாங்கத் தோணுதான்றதுக்குப் பத்து. யாருக்குப் பேசுறோம்ன்றதுக்குப் பத்து. நேர்மைக்கு ரெண்டு."

லூர்துவின் முகம் விழுந்தது. உள்ளே இருக்கிறதெல்லாம் உண்மைதானே, நீயே சொன்னதுதானே என்று கெஞ்சினார்.

"உள்ள கீறது நெஜம் அங்கிள். ஆனா காலைல அவங்க நம்பினது எதுக்கு? யாருக்கோ பேசினது தப்பிப் போயி அவங்க காதுல வுழுந்துச்சு, அதுக்கு. நாளைக்குத் தப்பின மாதிரி ஓட்டினா அந்த எடத்துல பொய். பொய்ய வச்சி நெஜத்த விக்கிறோம். ஞானசெல்வியக்கா மூணாவது நாளே கண்டுபுடிச்சிடும். அப்புறம் நாலு மணின்றதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். கோபமா என்னவென்று தெரியாத முகம். உன்னிடம் வேறு ஏதும் இருக்கிறதா பிள்ள, நீ எழுதினது என்று கேட்டார்.

இருந்தது. பைக்குள், நான்காக மடித்து. எடுத்து நீட்டினால் 'எழுத்து: கரோலின்' அந்த நிமிடமே எழுதியாயிற்று. அவள் எடுத்தாள். பிரித்தாள். லூர்து ஆசையோடு எட்டிப் பார்த்தார்.

"இத நேத்து நானே மூணு பேருக்குப் படிச்சிக் காட்டினேன் அண்ணாச்சி. ஒரு மணி நேரம் கழிச்சிக் கேட்டா, ஏதோ பெட்டின்னாங்க. ஒருத்தர் கட பேரு மட்டும் சொன்னாங்க. நேர்மைக்குப் பத்து. வாங்கத் தோணுதான்றதுக்கு மூணு."

அதைச் சொல்வது, முந்தையதைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. காகிதத்தை மறுபடி மடித்தாள். மடிக்கும்போது கண் ஓரம் நனைந்திருந்தது.

அண்ணாச்சி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். வேட்டி அவிழும்படி சிரித்தார். தன் எழுத்துக்கு ஏழு போட்டபோது வந்த எரிச்சலெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது போலிருந்தது. தானே எழுதியதற்கு மூன்று போடுகிறவளிடம் என்ன கோபித்துக்கொள்வது? பெர்சிஸிடம் பேனா கேட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார், அடித்தார், எழுதினார். பேழை, கருணை ஒன்றும் அதில் இல்லை. அவளிடம் நீட்டினார்.

"இத முன்னால ஒட்டிட்டு, அதையே போட்டா பொய் இல்லல்லா? பாத்துச் சொல்லு, தாயி."

கரோலின் உரக்கப் படித்தாள். "போன சனிக்கிழமை இது தவறிப்போய் ஓடியது. இன்றைக்குத் தெரிந்தே ஓட்டுகிறோம். இதில் திட்டு வாங்குகிற அண்ணாச்சி நான்தான். கைப்பிடியை மாற்றிவிட்டோம்."

லூர்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிராங்கிளின் இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்தார்.

இது இத்தனை நேரம் அவர்களுடைய கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது. ஆனாலும் மார்க் மார்க்குதான். நேர்மைக்கு நான்கு என்றாள்.

அண்ணாச்சி திடுக்கிட்டார். ஏன் என்றார்.

"கைப்பிடிய இன்னும் மாத்தல."

அண்ணாச்சி போனை எடுத்து மணலிப் பட்டறைக்காரனைப் பிடித்து, நாசரேத் தமிழில் அவன் இரண்டு தலைமுறைக்கும் கேட்கும்படி பேசினார். விற்ற பெட்டிக்கெல்லாம் சேர்த்து, ரப்பர் சுற்றிய கைப்பிடி புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

புதன்கிழமை கைப்பிடி வந்தது. வியாழக்கிழமை கரோலின் மூன்று பேரிடம் ஓட்டிக் காட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் போனாள். மூன்று பேரும் பெட்டி, இடம், நாலு மணி என்று வரிசையாகச் சொன்னார்கள். ஞானசெல்வி மட்டும் ஒரு குறை சொன்னாள். தன் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டுமாம். நாற்பதுக்கு முப்பத்தெட்டு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லூர்து தன் கையால் பென் டிரைவைச் செபமாலையில் மாட்டினார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே பெயின்டர் ஏணியில் நின்றுகொண்டு, 'எழுத்து' என்று ஆரம்பிக்கவா என்று கேட்டான். கரோலின் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, 'மார்க்: கரோலின்' என்று போடச் சொன்னாள். கொஞ்சம் வருத்தம் இருந்தது; ஆனால் உண்மை அதுதானே.

பிராங்கிளின் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பதினான்கு வருடத்தில் முதல்தடவையாகக் காதில் பஞ்சு இல்லை. காசிமேடு வளைவு வருவதற்குள் 'வாய் சுளுக்கிக்குமா' என்ற இடம் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒதுங்கி ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போய் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வைத்தார்.